இலக்கம் கேட்கும் அந்த ஒரு வரி
திருகோணமலையில் வீட்டிலிருந்தே கருவாடு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,

திருக்கடலூரிலும் சல்லியிலும் கொட்பேயிலும், துறைமுகத்துக்கு அக்கரையில் மூதூரிலும் சம்பூரிலும் பின்வளவில் கருவாடு காயவைத்து, பக்கட்டில் அடைத்து, பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். சிறு கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் உங்கள் பக்கங்களை ஒரு வாடிக்கையாளரைவிடக் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. விலையை ஒளிக்காமல் போடுகிறீர்கள். கூரியர் செலவு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள். இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது பக்கத்தின் அடியில், வாங்குபவரிடம் தொடர்பு இலக்கம் கேட்கிற அந்த ஒரு வரியைப் பற்றி.

அநேகமாக எல்லாரிடமும் அந்த வரி ஒன்றுபோலவே இருக்கிறது: “எங்களோடு இணைந்திருங்கள். புதிய தகவல்களுக்கும் விசேட சலுகைகளுக்கும் உங்கள் இலக்கத்தை அனுப்புங்கள்.”

இதை வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் ஒருவர் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் திருகோணமலை. கட்டாக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். உங்கள் பக்கத்தைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார். அவருடைய போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வருகிறது, தொலைபேசிக் கம்பனியிலிருந்து வருகிறது, சுப்பர் மார்க்கட்டிலிருந்தும் வருகிறது. எல்லாமே தகவல்கள், எல்லாமே விசேட சலுகைகள். இந்த வரிசையில் நீங்களும் ஒருவர் என்று நீங்களே அவருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். இலக்கத்தைக் கொடுத்தால் நாளைக்குத் தன் கையில் என்ன இருக்கும் என்று அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. அதனால் கொடுக்காமல் போய்விடுகிறார்.

அந்த வரியில் ஒரே ஒரு பலனைச் சொல்ல வேண்டும். அது கண்ணால் பார்த்து, வந்ததா வரவில்லையா என்று அவரே சரிபார்க்கக்கூடிய பலனாக இருக்க வேண்டும். இவ்வளவு சொன்னால் நீங்கள் உடனே நினைப்பது விலைக்கழிவு. “இலக்கம் தருபவர்களுக்குப் பத்து வீதம் கழிவு.” தெளிவான வாக்குத்தான், எவரும் சரிபார்க்கலாம். ஆனால் உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகளை நான் கணக்குக்காக எடுத்திருக்கிறேன். அவற்றின் இடத்தில் உங்கள் விலைகளை வைத்துப் பாருங்கள்.

அரைக் கிலோ கட்டாக் கருவாட்டுப் பக்கட் 1,500 ரூபா. மீன், உப்பு, கூலி, பை, பெட்டி எல்லாம் சேர்ந்து 1,150 ரூபா போகிறது. உங்கள் கையில் நிற்பது 350. பத்து வீதக் கழிவு என்றால் 150 ரூபா. வாங்குபவர் கண்ணுக்கு அது 1,500இல் ஒரு சிறு பகுதி. உங்களுக்கோ அது 350இல் இருந்து போகிற 150. மிஞ்சுவது 200. முன்பு 40 பக்கட் விற்றால் 14,000 ரூபா கிடைத்தது. இப்போது அதே 14,000 ரூபாவைப் பார்க்க 70 பக்கட் விற்க வேண்டும்.

அந்த மேலதிக 30 பக்கட்டுக்குக் கருவாடு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. கழிவு கொடுக்கிற பெரிய கடைக்கு இந்தக் கேள்வி கிடையாது. சவர்க்காரம் தீர்ந்தால் களஞ்சியத்திலிருந்து இன்னொரு பெட்டி வரும். கழிவால் இழந்ததை எண்ணிக்கையால் பிடித்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு கிலோ கட்டாக் கருவாடு வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மீன் வேண்டும். 40 பக்கட் என்றால் 20 கிலோ கருவாடு, அதாவது 60 கிலோ மீன். அந்த 60 கிலோவை வெட்டிக் கழுவி, உப்பிட்டு, காயவைக்கப் பின்வளவில் இடம் இருக்க வேண்டும். இன்னும் 45 கிலோ மீன் வாங்கக் காசு இருந்தாலும், அதைப் பரப்பப் பந்தலும் புரட்ட ஆளும் வேண்டும். உங்களிடம் குறைவாக இருப்பது சரக்குத்தான், வாங்குகிற ஆட்கள் அல்ல. சரக்குக் குறைவாக இருக்கும்போது விலையைக் குறைப்பது, எப்படியும் விற்றுப்போகிற பொருளுக்கு நீங்களே காசு கொடுப்பதாக முடியும்.

இலவச அனுப்பீட்டுக்கும் இதே பதில்தான். ஒரு பக்கட்டை மட்டும் கொழும்புக்கு அனுப்பும் செலவை நீங்கள் ஏற்றால், சில வேளை 350 ரூபாவும் அதிலேயே போய்விடும்.

அப்படியானால் உங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது? வாங்குபவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருடைய குறை விலையல்ல. அவர் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து, இரவு சமையல் முடித்து, “இருக்கிறதா?” என்று கேட்கும்போது நீங்கள் எழுதுகிற பதில்: “முடிந்துவிட்டது அக்கா, அடுத்த முறை சொல்கிறேன்.” உங்கள் பக்கங்களில் பதிவுகளுக்குக் கீழே இந்த உரையாடல் திரும்பத் திரும்ப வருகிறது. வாங்குபவருக்கு எது தேவை என்று அவரே அங்கே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை தனக்கு முந்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொடுக்க உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. பெரிய கடை எதனாலும் அதைக் கொடுக்கவும் முடியாது.

ஆகவே அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்:

“அடுத்த கட்டாக் கருவாடு காய்ந்து பொதியாகும் அன்று மாலை உங்களுக்கு முதலில் சொல்வோம். பேஸ்புக்கில் போடுவது மறுநாள் மாலைதான். வேண்டுமென்றால் ‘கட்டா’ என்று இந்த இலக்கத்துக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்.”

இதில் ‘சலுகை’ என்ற சொல்லே இல்லை. எந்தப் பொருள், எப்போது, மற்றவர்களைவிட எவ்வளவு முந்தி என்ற மூன்றும் இருக்கின்றன. செய்தி வந்த மறுநாள் அவர் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நீங்கள் சொன்னபடி நடந்தீர்களா என்பது தெரிந்துவிடும்.

“காய்ந்து பொதியாகும் அன்று” என்று எழுதியதைக் கொஞ்சம் கவனியுங்கள். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்” என்று எழுதினால் இன்னும் திட்டமாக இருக்குமே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் கருவாடு போட்டவர்களாக இருப்பதில்லை. சல்லிப் பக்கத்தில் கட்டா வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகுப் பக்கமாகக் கீறி, புத்தகம்போல விரித்து, குடலும் செவுளும் எடுத்து, இரத்தம் போகக் கழுவுகிறார்கள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்ற கணக்கில் சதை மடிப்புகளுக்குள் விரலால் அழுத்தி உப்பைத் திணித்து, அடுக்கி, ஒரு நாள் வைக்கிறார்கள். பிறகு மேலுப்பைக் கழுவி, வலை விரித்த பந்தலில் பரப்புகிறார்கள். நல்ல கச்சான் காற்றும் வெயிலும் இருந்தால் மூன்று நாள். நடுவில் ஒரு மந்தாரம் போட்டால் நான்காகும், ஐந்தாகும். நெத்தலி ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். கட்டா அப்படியில்லை. தடித்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் பதிந்து குழி நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்று வாக்குக் கொடுத்திருந்தால் அந்தக் குழி நிற்கிற கருவாட்டையே பையில் போடத் தோன்றும். உள்ளே ஈரம் இருக்கிற கருவாட்டைக் காற்றுப் புகாமல் அடைத்து அனுப்பினால் கொழும்பு போய்ச் சேர்ந்து சில நாளில் மணம் மாறும். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு படிவு வருவதையும் கண்டிருப்பீர்கள். உப்பில் வாழப் பழகிய நுண்ணுயிர்களின் வேலை அது, ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பெருகும். தேதியைக் காப்பாற்றப் போய்ச் சரக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள். எனவே உங்கள் வாக்குக்குக் கலண்டரைப் பிடிக்காதீர்கள், ஒரு நிகழ்வைப் பிடியுங்கள். காய்ந்தால் செய்தி. காயாவிட்டால் செய்தி இல்லை. வாங்குபவருக்கும் அது நல்லது: உங்களிடமிருந்து செய்தி வந்தால் கருவாடு தயார் என்றே பொருள். வெறும் வாழ்த்தும் பூப்படமும் வராது என்று தெரிந்தால் அவர் உங்கள் செய்தியைத் திறந்து பார்ப்பார்.

அதனால்தான் அந்தப் பட்டியலுக்குக் காலை வணக்கம் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பொங்கல் வாழ்த்தும் வேண்டாம். வாழ்த்த விரும்பினால் உங்கள் ஸ்டேட்டஸில் போடுங்கள். அவர் இலக்கம் தந்தது கட்டாவுக்காக.

இனி, அந்த மறுநாள் மாலை. “முதலில் சொல்வோம்” என்று எழுதிவிட்டு, செய்தி அனுப்பிய கையோடு அதே படத்தைப் பேஸ்புக்கிலும் போடுகிறவர்கள் உண்டு. கெட்ட எண்ணம் எதுவுமில்லை. சரக்குச் சீக்கிரம் போகட்டும் என்ற பதைப்புத்தான். ஆனால் அதோடு அந்த வரிக்கு உயிர் போய்விடுகிறது. பட்டியலில் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே நேரத்தில் அறிந்தால் இலக்கம் தந்ததற்கு என்ன பயன்? இருபத்துநான்கு மணி நேரம் பொறுப்பது கடினமாகத் தெரிந்தால் “மறுநாள் மாலை” என்பதற்குப் பதிலாக “மறுநாள் காலை” என்று எழுதுங்கள். எழுதியதைக் குறைத்துக்கொள்வதில் பிழையில்லை, எழுதிவிட்டு மீறுவதுதான் பிழை. மாலையைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பில் வேலைக்குப் போகிறவர்கள் வீடு வந்து போனை எடுத்து ஆறுதலாகப் பார்க்கிற நேரம் அது. காலை பத்து மணிக்கு அனுப்பினால் வீட்டில் இருப்பவர்களே முந்திக்கொள்வார்கள்.

பட்டியல் வளர்ந்தால் வருகிற சிக்கல் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். 40 பக்கட்டுக்கு 60 பேர் இருந்தால் இந்த வாக்கு அருமையாக வேலை செய்யும். 300 பேர் ஆனதும் அதே வாக்கு பொய்யாகத் தொடங்கும். முதலில் அறிவித்தீர்கள், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பட்டியலில் இருந்தும் கிடைக்காதவர் பேஸ்புக்கில் கிடைக்காதவரைவிட அதிகம் நொந்துபோவார். இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம் எளிது. பேஸ்புக்கில் போட ஒன்றுமே மிஞ்சாத அறுவடை தொடர்ந்து இரண்டு மூன்று முறை வந்தால் பட்டியல் சரக்கை மிஞ்சிவிட்டது. அப்போது ஒருவருக்கு இரண்டு பக்கட்டுக்கு மேல் இல்லை என்று வையுங்கள். அதுவும் போதாவிட்டால் பட்டியலை இரண்டாகப் பிரித்து, இந்த முறை முதல் பாதிக்கும் அடுத்த முறை மற்றப் பாதிக்கும் முந்திச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் வரியையும் மாற்ற வேண்டும்: “ஒன்றுவிட்டு ஒருமுறை உங்களுக்கு முதலில் சொல்வோம்.” கேட்கக் கவர்ச்சி குறைவுதான். ஆனால் உண்மை.

வாட்ஸ்அப்பைப் பற்றி இரண்டு விடயங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருங்கள், ஏனென்றால் நல்ல வாக்கு இங்கேதான் சத்தமில்லாமல் முறிகிறது. பலர் வாடிக்கையாளர்களை ஒரு குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். குரூப்பில் இருக்கிற ஒருவருடைய இலக்கத்தை மற்ற எல்லாரும் பார்க்கலாம். வெள்ளவத்தை அக்கா தன் இலக்கத்தை உங்களிடம்தான் தந்தார், முகம் தெரியாத இருநூறு பேரிடம் அல்ல. பெண்கள் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம். குரூப்புக்குப் பதிலாக புரோட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் புரோட்காஸ்டுக்கு ஒரு விதி இருக்கிறது. உங்கள் இலக்கத்தைத் தன் போனில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அவர் ‘கட்டா’ என்று அனுப்பினார், நீங்கள் அவரைப் பட்டியலில் சேர்த்தீர்கள், ஆனால் அவர் உங்களைப் பதியவில்லை. அறுவடைச் செய்தி அவருக்கு வராது. வராதது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மறுநாள் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து “எனக்குச் சொல்லவில்லையே” என்று மனத்தில் வைத்துக்கொள்வார். ஆகவே ‘கட்டா’ என்று ஒருவர் அனுப்பியதும் உங்கள் முதல் பதில் இதுவாக இருக்கட்டும்: “நன்றி. இந்த இலக்கத்தை உங்கள் போனில் பதிந்துவையுங்கள். பதியாவிட்டால் எங்கள் செய்தி உங்களுக்கு வந்து சேராது.” பிறகு ஒவ்வொரு முறை அனுப்பிய பின்னும் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விபரத்தைத் திறந்தால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர்கள் தெரியும். மறுநாள் காலையிலும் ஒருவர் பெயர் அங்கே இல்லையென்றால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி எழுதுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டால் நீங்கள் கொடுத்த வாக்கு யாருக்கெல்லாம் நிறைவேறவில்லை என்பதே தெரியாமல் போகும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனங்கள் ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வரும்போது வாங்குவார்கள். அவர்களில் சிலர் மின்னஞ்சல் முகவரியே தருவார்கள். வாக்கு அதேதான், போகிற வழிதான் வேறு.

இன்னொன்று. ஓடர் எடுக்கும்போது கூரியருக்காக நீங்கள் வாங்கிய இலக்கங்கள் உங்கள் போனில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை அப்படியே பட்டியலில் கொட்டிவிடலாம் என்று ஆசை வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். பொதி வந்து சேரத்தான் அவர்கள் அதைத் தந்தார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், விளம்பரச் செய்தி அனுப்ப முன் ஆளின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றால் செலவில்லாமல் நிறுத்திக்கொள்ள வழி வேண்டும் என்பவை அதன் போக்கு. பின்வளவுக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்கலாம். சட்டம் வராவிட்டாலும் வாடிக்கையாளர் உங்களை பிளாக் செய்வார். அது போதும். ‘கட்டா’ என்று அவரே தன் கையால் அனுப்பிய செய்தி உங்கள் போனில் இருக்கிறதே, சம்மதத்துக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஒவ்வொரு அறுவடைச் செய்தியின் கடைசியிலும் “இனி வேண்டாம் என்றால் ‘நிறுத்து’ என்று அனுப்புங்கள்” என்று ஒரு வரி சேருங்கள். அனுப்பியவரை அன்றே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

கூரியருக்குத் தந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றால் அவர்களை எப்படி அழைப்பது? பொதிக்குள் ஒரு துண்டுக் கடதாசி வைத்து அழைக்கலாம். அந்த வரிக்கு மிக நல்ல இடம் உங்கள் பக்கம் அல்ல, பெட்டியின் உள்பக்கம் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தைப் பார்ப்பவர் இன்னும் உங்கள் கருவாட்டைத் தொடவில்லை. பெட்டியைத் திறப்பவர் கையில் அது இருக்கிறது, மணம் மூக்கில் இருக்கிறது, இன்னும் இரண்டு நாளில் குழம்பும் வைத்துவிடுவார். அடுத்தது எப்போது என்ற எண்ணம் அவருக்குத்தான் வரும். பிஸ்கட் அளவுத் துண்டில், பெரிய எழுத்தில், அந்த மூன்று வாக்கியங்களை மட்டும் அச்சடித்துக் கருவாட்டு எண்ணெய் படாமல் பையின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். கடையின் கதையும் நன்றியுரையும் வேறு கடதாசியில் வரட்டும்.

நம் மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் சேர்ந்து புழங்குவதால் ஒரு குறிப்பு. துண்டைச் சிங்களத்திலும் அச்சடிப்பதாக இருந்தால் அறுவடைச் செய்தியையும் அவர்களுக்குச் சிங்களத்தில் அனுப்ப உங்களுக்கு ஆள் இருக்க வேண்டும். சிங்களத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுத் தமிழில் செய்தி அனுப்பினால் அவர் அதைத் திறந்தும் பயனில்லை. ஆள் கிடைக்கும்வரை தமிழ்த் துண்டு மட்டும் போதும்.

எந்த வரி வேலை செய்கிறது என்பதை அறிய ஒரு பழைய உத்தி இருக்கிறது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளோட் ஹொப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட தன் நூலில் அதை வலியுறுத்தினார். விளம்பரத்தோடு வருகிற கூப்பனில் அடையாளக் குறி போட்டு, எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணுவது. நூறு ஆண்டாகியும் அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கூப்பன் வேண்டாம், சொல்லே போதும். பெட்டித் துண்டில் ‘கட்டா’ என்று அனுப்பச் சொல்லுங்கள். பேஸ்புக் பக்கத்தில் அதே வரியை வைத்து ‘கருவாடு’ என்று அனுப்பச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் எத்தனை ‘கட்டா’, எத்தனை ‘கருவாடு’ என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். எண்ணும்போது இன்னொரு கட்டமும் போடுங்கள்: அனுப்பியவர்களில் எத்தனை பேர் அடுத்த அறுவடையில் வாங்கினார்கள். நிறையப் பேர் சேர்ந்து ஒருவரும் வாங்காத வரியைவிட, சிலரே சேர்ந்து பாதிப்பேர் வாங்குகிற வரி மேல். இரண்டு வரிகளை ஒப்பிட விரும்பினால் ஒரே நேரத்தில், ஒரே சரக்குக்கு, ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது என்று வைத்தால் வித்தியாசம் வரியால் வந்ததா, சம்பள நாளால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

கருவாடு அல்லாத பொருள் விற்பவர்களும் இதை வாசிப்பீர்கள். பனையோலைப் பெட்டியும் பையும் பின்னுகிறவர்களுக்கு அறுவடை இல்லை, சரக்கும் ஒரே நாளில் தீராது. முந்திச் சொல்வது அங்கே பலனே அல்ல. “எங்களிடம் வாங்கிய பையின் பிடி அறுந்தால் ஒருமுறை காசில்லாமல் பின்னித் தருவோம், இலக்கம் தந்தால் உங்கள் பெயரைப் பதிந்துகொள்வோம்” என்பது அவர்களுக்கு வைக்கக்கூடிய வரி. மிளகாய்த்தூள் அரைப்பவர்கள் அரைத்த நாளிலேயே செய்தி சொல்லலாம். உங்கள் பொருளை வாங்கியவர் பிறகு எதற்காக உங்களைத் தேடி வருகிறார் என்று பழைய உரையாடல்களைத் திறந்து பாருங்கள், வரி அங்கே கிடைக்கும்.

இனி வாடைக் காலம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நம் கடல் அமைதியாக இருக்கும்போது நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்து இங்கே வாடி போடுகிறார்கள். ஒக்டோபர் தாண்டி வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், படகு கரையேறும், பந்தல் நனையும். நவம்பர் முதல் ஜனவரி வரை உங்களால் ஒரு நல்ல கட்டாவைக் காயவைக்க முடியாது. “அடுத்த கட்டா காயும் அன்று” என்ற வாக்கு அப்போதும் பொய்யாகாது, ஆனால் வாங்குபவர் மூன்று நான்கு மாதம் உங்களிடமிருந்து எதுவும் கேளாமல் இருப்பார். அவருக்கு உங்களை மறந்துபோகும். பெப்ரவரியில் திடீரென்று செய்தி போனால் யாரோ என்று பிளாக் செய்யவும் கூடும்.

அதற்காக நடுவில் சும்மா செய்தி அனுப்பத் தொடங்காதீர்கள். பருவத்தின் கடைசி அறுவடைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்: “இந்த ஆண்டுக்கு இதுதான் கடைசிக் கட்டா. மழை முடிந்து அடுத்தது காயும்போது, பெரும்பாலும் பெப்ரவரி மார்ச்சில், உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம்.” கடைசி என்று அறிந்தவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி வைப்பார்கள், ஆகவே அந்த அறுவடைக்கு ஒருவருக்கு இத்தனை என்ற கட்டுப்பாட்டை மறக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற வரியையும் அன்றே மாற்றுங்கள். டிசம்பரில் புதிதாக வருகிறவர் “அடுத்த கட்டா காயும் அன்று மாலை” என்று வாசித்தால் வருகிற கிழமை என்று நினைப்பார். “மழை முடிந்து காயும் முதல் கட்டாவை, பேஸ்புக்கில் போட ஒரு நாள் முந்தி உங்களுக்குச் சொல்வோம். பெரும்பாலும் பெப்ரவரி மார்ச்சில்” என்று எழுதுங்கள். குறைவான ஆட்களே சேர்வார்கள். சேர்கிறவர்கள் காத்திருக்கத் தயாரானவர்கள். பெப்ரவரியில் செய்தி போகும்போது முதலில் “கட்டா காய்ந்ததும் சொல்வதாகச் சொன்ன திருகோணமலைக் கடை” என்று உங்களை நினைவூட்டி, அதற்குப் பிறகு விலையைப் போடுங்கள்.

அன்புடன்,
உட்துறைமுக வீதியிலிருந்து, உங்கள் ஊரவன்